50 மில்லி லைசிஸ் பஃபரில் தண்ணீர் எவ்வளவு?

கேள்வி: டிஎன்ஏ பிரித்தெடுக்கும் செய்முறைக்கு 50 மில்லி லைசிஸ் பஃபர் தயாரிக்க வேண்டும். 10 மில்லிமோலார் டிரிஸ், 25 மில்லிமோலார் ஈடிடிஏ, 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 0.5% எஸ்டிஎஸ். எந்த ஸ்டாக்கில் எவ்வளவு எடுப்பது, தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது என்று குழம்புகிறேன். ஈடிடிஏ ஸ்டாக்கை மட்டும் பொடியிலிருந்து நாங்களே தயாரிக்க வேண்டும். பாட்டிலில் ஒரு மூலக்கூறு எடை இருக்கிறது, பாடநூலில் வேறொன்று. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: பாட்டிலில் இருப்பதைத்தான். ஈடிடிஏ பல வடிவங்களில் விற்கப்படுகிறது. வெறும் அமிலத்தின் மூலக்கூறு எடை 292.24. ஆய்வகங்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டு சோடியமும் இரண்டு நீர் மூலக்கூறுகளும் சேர்ந்த உப்பு. அதன் எடை 372.24. அந்த நீரும் தராசில் ஏறுகிறது என்பதால் அதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 0.5 மோலார் கரைசல் 100 மில்லி வேண்டுமென்றால்:

0.5 × 0.1 × 372.24 = 18.61 கிராம்

இடையில் உள்ள 0.1 என்பது லிட்டர் கணக்கில் 100 மில்லி. அங்கே 100 என்றே எழுதினால் விடை பதினெட்டு கிலோவைத் தாண்டும். அந்தப் பிழை தானாகவே கண்ணில் பட்டுவிடும். மூலக்கூறு எடையை மாற்றி எடுத்த பிழை அப்படிப் படாது. அமிலத்தின் எடையைப் போட்டு 14.61 கிராம் உப்பை நிறுத்தால், கரைசல் 0.39 மோலாராகத்தான் இருக்கும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பொடியை 70 மில்லி தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். பால் போல வெளுத்து, கரையாமல் நிற்கும், பயப்பட வேண்டாம். பிஎச் 8-ஐ நெருங்கும்போதுதான் அது கரையும். சோடியம் ஹைட்ராக்சைடை ஏறத்தாழ 2 கிராம் வரை சிறிது சிறிதாகச் சேர்த்து, பிஎச் மீட்டரைப் பார்த்தபடியே போங்கள். தெளிந்த பிறகு 100 மில்லிக்குத் தண்ணீர் விடுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தொடாதீர்கள். பொட்டாசியம் பின்னால் எஸ்டிஎஸ்ஸுடன் சேர்ந்து வெள்ளை வீழ்படிவாகிவிடும்.

இனி பஃபர். எல்லோரும் C1V1 = C2V2 என்று தொடங்குகிறார்கள். ஸ்டாக் இறுதிச் செறிவைப் போல எத்தனை மடங்கு என்று கேட்பதே எளிது என்பது என் எண்ணம். ஈடிடிஏ ஸ்டாக் 0.5 மோலார், அதாவது 500 மில்லிமோலார். வேண்டியது 25. மடங்கு 20. 50 மில்லியை 20-ஆல் வகுத்தால் 2.5 மில்லி. உங்கள் ஆய்வகத்தில் வழக்கமான ஸ்டாக்குகள் இருப்பதாகக் கொள்கிறேன். பிஎச் 8-இல் உள்ள 1 மோலார் டிரிஸ் 100 மடங்கு, ஆகவே 0.5 மில்லி. 5 மோலார் சோடியம் குளோரைடு 50 மடங்கு, 1 மில்லி. 10% எஸ்டிஎஸ் 20 மடங்கு, 2.5 மில்லி.

இங்கே பலர் தடுக்கி விழுவது அலகில். மோலாரை மில்லிமோலாராக்காமல் 25-ஐயும் 0.5-ஐயும் அப்படியே சூத்திரத்தில் போட்டால், 50 மில்லி பஃபருக்கு 2,500 மில்லி ஸ்டாக் வேண்டும் என்று விடை வரும். ஸ்டாக்கின் அளவு இறுதி அளவை மிஞ்சினால், ஒன்று அலகு தவறு, இல்லையென்றால் ஸ்டாக் போதிய அடர்த்தியில் இல்லை.

நான்கு ஸ்டாக்குகளும் சேர்ந்து 6.5 மில்லி. மீதி 43.5 மில்லிதான் தண்ணீர். 50 மில்லி தண்ணீரில் இவற்றைச் சேர்த்தால் மொத்தம் 56.5 மில்லியாகி, ஈடிடிஏ 22 மில்லிமோலாராக இறங்கும். இந்தப் பஃபர் அதைத் தாங்கிக்கொள்ளும்; பிசிஆரில் மக்னீசியம் இதே அளவு குறைந்தால் விளைவு ஜெல்லிலேயே தெரியக்கூடும். அதனால் பழக்கத்தை இப்போதே சரியாக்கிக்கொள்ளுங்கள். அளவு உருளையில் முதலில் 40 மில்லி தண்ணீர், பிறகு டிரிஸ், ஈடிடிஏ, உப்பு. கலந்த பின் கடைசியாக எஸ்டிஎஸ்; அடர்ந்த உப்புக் கரைசலோடு நேராகச் சேர்ந்தால் அது திரிந்துவிடும். நுரை எழாமல் மெதுவாகக் கலந்து, 50 மில்லிக் கோடு வரை தண்ணீர் விடுங்கள். குளிர்ந்த அறையில் வெள்ளையாகப் படிந்தால் 37 டிகிரியில் சற்று நேரம் வைத்தால் தெளியும்.

செய்முறையில் புரோட்டினேஸ் கே-யும் இருந்தால் அதை 50 மில்லியில் கொட்டிவிடாதீர்கள். அந்த நொதி தன்னைத்தானே செரித்துக்கொள்ளும். அன்றன்று வேண்டிய பஃபரில் மட்டும் சேர்க்க வேண்டும். மில்லிக்கு 20 மில்லிகிராம் ஸ்டாக்கிலிருந்து 0.1 மில்லிகிராமுக்கு வருவது 200 மடங்கு. ஒரு மாதிரிக்கு 200 மைக்ரோலிட்டர் பஃபர் என்றால் நொதி வெறும் 1 மைக்ரோலிட்டர். அதைப் பத்துக் குழாய்களில் தனித்தனியாக விட்டால் குழாய்க்குக் குழாய் அளவு மாறும். பதினொரு மாதிரிகளுக்குச் சேர்த்து, 2.2 மில்லி பஃபரில் 11 மைக்ரோலிட்டர் விட்டுக் கலந்து, பிறகு பத்துக் குழாய்களுக்கும் பங்கிடுங்கள். பிப்பெட் முனையில் ஒட்டி வீணாவதற்காகத்தான் அந்த ஒரு மாதிரி கூடுதல்.