நடுச் சிறுநீர் எடுப்பது எப்படி? கல்ச்சர் சோதனை பற்றிய வாசகர் கேள்விகள்

சிறுநீரில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் பற்றிக் கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலான குழப்பங்கள் லேபுக்குள் நடப்பவை அல்ல. டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போகும் அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பவை.

நீர்க்கடுப்பு என்று போனேன். கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மீண்டும் மாதிரி தரவும்’ என்று வந்திருக்கிறது. எனக்கு மூன்று நோயா? இல்லை, லேபில் தவறா?
*வாசகி, நெல்லிக்குப்பம்*

இரண்டும் இல்லை அம்மா. நீங்கள் அனுப்பிய விவரத்திலேயே காரணம் இருக்கிறது. காலை 6 மணிக்கு வீட்டில், ஆரம்பத்திலிருந்தே டப்பாவில் பிடித்திருக்கிறீர்கள். லேபில் கொடுத்தபோது மணி 9.30.

சிறுநீர்ப்பையில் இருக்கும் நீர் வெளியே வர ஒரு குழாயைக் கடக்க வேண்டும். அந்தக் குழாயின் வாய்ப்பகுதியிலும் சுற்றியுள்ள தோலிலும் எல்லாருக்கும் இயல்பாகவே கிருமிகள் உண்டு. அவை நோய் செய்வதில்லை, அங்கேயே குடியிருப்பவை. முதலில் வரும் நீர் அவற்றை அடித்துக்கொண்டு வரும். அதைக் கழிவறையில் விட்டுவிட்டு, அடுத்து வருவதைப் பிடித்தால்தான் பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். நீங்கள் பிடித்தது முதல் நீர். அதனால் உள்ளே இருந்ததும் வாசலில் இருந்ததும் ஒன்றாக வந்துவிட்டன.

உங்கள் சாதாரண யூரின் ரிப்போர்ட்டும் இதையே சொல்கிறது. அதில் பஸ் செல்கள் எனப்படும் சீழ் அணுக்கள் 15-20 என்றும், எபிதீலியல் செல்கள் ‘நிறைய’ என்றும் இருக்கின்றன. வெளிவாசல் பக்கத்துத் தோலிலிருந்து உதிரும் தட்டையான எபிதீலியல் செல்கள் நிறைய இருந்தால், மாதிரி வழியில் கலந்துவிட்டது என்று லேபில் இருப்பவர் உடனே சந்தேகப்படுவார்.

லேபில் எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் சிறு வளையக் கம்பியால் உங்கள் சிறுநீரைத் தொட்டு, கிருமி வளரும் தட்டில் தேய்ப்பார்கள். மறுநாள் அதில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். ஒரு புள்ளி என்றால் மில்லிக்கு 1,000 கிருமி. ஒரே வகையில் 100 புள்ளிகளுக்கு மேல் இருந்தால் மில்லிக்கு 1,00,000-க்கு மேல். 1950களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் செய்த ஆய்வுகளிலிருந்து இந்த அளவு வழக்கத்துக்கு வந்தது. கடுப்பும் எரிச்சலும் உள்ள பெண்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் நோயாக இருக்கலாம். ஆனால் அப்படிக் குறைந்த எண்ணிக்கையை நம்ப வேண்டுமானால் மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். மூன்று வகை கலந்து வளர்ந்த தட்டில் எது குற்றவாளி என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த மருந்து கேட்கும் என்ற சோதனையை அந்த மூன்றுக்கும் செய்து கொடுத்திருந்தால்தான் தவறாகியிருக்கும். மறு மாதிரி கேட்டது சரியான முடிவு.

இரண்டாம் முறை முறைப்படி எடுத்துக் கொடுத்ததில் ஈ.கோலை என்ற கிருமி மட்டும், மில்லிக்கு 1,00,000-க்கு மேல் என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கடுப்புக்குக் காரணம். மருத்துவர் இந்த ரிப்போர்ட்டை வைத்து மருந்து எழுதட்டும்.

மாதிரி சேகரிப்பு மையம் நடத்துகிறேன். ‘மிட்ஸ்ட்ரீம் யூரின் தரவும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்படியும் பாதிப் பேர் சரியாகத் தருவதில்லை. என்ன எழுதலாம்?
*திருப்பாதிரிப்புலியூர்*

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உள்ளே போகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. என்ன வேண்டும் என்று எழுதாதீர்கள், கை என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனித் தாள். பெண்களுக்கான தாள் இப்படி இருக்கலாம்:

“முதலில் இரண்டு கைகளையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். டப்பாவின் மூடியைத் திருகித் தளர்த்துங்கள், எடுத்துவிட வேண்டாம். கால்களை அகட்டி உட்காருங்கள். ஒரு கை விரல்களால் பிறப்புறுப்பின் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முன்னிருந்து பின்பக்கமாகச் சுத்தமான தண்ணீரால் கழுவி, புதிய டிஷ்யூவால் அதே திசையில் துடையுங்கள். விலக்கிப் பிடித்த கையை எடுக்காமல், முதலில் வரும் சிறுநீரைக் கழிவறையில் விடுங்கள். நிறுத்தாமல் போய்க்கொண்டிருக்கும்போதே மூடியை எடுத்து வைத்துவிட்டு டப்பாவை நடுவில் நீட்டி, பாதி அளவு பிடியுங்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு மீதியைக் கழிவறையில் விடுங்கள். டப்பாவின் உள்பக்கமும் விளிம்பும் கையிலோ உடம்பிலோ படக் கூடாது. மூடியை இறுக மூடி உடனே கவுன்ட்டரில் கொடுங்கள்.”

ஆண்களுக்கு, முன்தோலைப் பின்னால் தள்ளி முனையைத் தண்ணீரால் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் இதேதான். கல்ச்சருக்கு 10 மில்லி இருந்தாலே வேலை நடக்கும். டப்பா நிறைய வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் முதல் சொட்டிலிருந்து பிடிக்கிறார்கள், அதனால் அளவைக் கட்டாயம் எழுதுங்கள்.

தாளைக் கவுன்ட்டரில் ஒட்டாதீர்கள். கழிவறைக்குள், உட்கார்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள். உள்ளே கை எட்டும் இடத்தில் ஒரு சின்னத் தட்டு பலகை வேண்டும். அது இல்லாவிட்டால் மூடியைத் தரையிலோ தண்ணீர்த் தொட்டி விளிம்பிலோதான் வைப்பார்கள். மூடியின் உள்பக்கம் மேலே பார்க்க வேண்டும் என்பதையும் பலகைக்கு மேலேயே எழுதிவிடுங்கள். பையை மாட்ட ஒரு கொக்கியும் இருக்கட்டும், ஒரு கையில் பையை வைத்துக்கொண்டு யாராலும் இதைச் செய்ய முடியாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு பெண் ஊழியர் தனியாக அழைத்து வாயால் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கும் ஆண்கள் காதில் விழும்படி சொன்னால், அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு எதையும் கேட்காமல் போய்விடுவார்.

இந்தத் தாள் கல்ச்சருக்கு மட்டும்தான். பால்வினை நோய்க்கான சில சோதனைகளுக்கு முதலில் வரும் நீர்தான் தேவை. அதற்கு டப்பா கொடுக்கும்போதே வேறாகச் சொல்லிவிடுங்கள்.

டெட்டால் போட்டுக் கழுவினால் இன்னும் சுத்தமாக இருக்குமே?

வேண்டாம். டெட்டால் ஒட்டியிருந்து டப்பாவில் கலந்தால், சிறுநீர்ப்பையிலிருந்து வரும் நோய்க்கிருமியையும் கொன்றுவிடும். நோய் இருந்தும் ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். வெறும் தண்ணீர் போதும். சோப்பு போட்டாலும் நுரை போக அலசுங்கள்.

பண்ருட்டிக்கு உள்ளே எங்கள் கிராமம். காலையில் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கடலூர் வர மூன்று மணி நேரம் ஆகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. சிறுநீர் கிருமிகளுக்கு நல்ல சாப்பாடு. கத்திரி வெயிலில் பஸ்ஸுக்குள் இருக்கும் சூட்டில் அவை வேகமாகப் பெருகும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், மில்லிக்கு 1,000 என்று தொடங்கியது மூன்று மணி நேரத்தில் 64,000 ஆகிவிடும். ஒன்றுமில்லாத கலப்படம் நோய் போலத் தெரியும்.

எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 டிகிரி குளிரில், 24 மணி நேரம் வரை வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வரும் வழியில் டப்பாவை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐஸ் பாக்கெட்டோடு எடுத்து வாருங்கள். போரிக் அமிலம் போட்ட டப்பா சில லேப்களில் கிடைக்கும், அதில் வெளியிலேயே ஒரு நாள் தாங்கும். ஆனால் கோடு போட்ட அளவு வரை பிடிக்க வேண்டும். குறைவாகப் பிடித்தால் மருந்து அதிகமாகிக் கிருமியையே அடக்கிவிடும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, மையத்துக்கு வந்து அங்கேயே எடுப்பது. காலை முதல் நீர் நல்லதுதான், ஆனால் கட்டாயம் இல்லை. மூன்று நான்கு மணி நேரம் அடக்கிய நீராக இருந்தால் போதும். வரவேண்டும் என்பதற்காக லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்காதீர்கள், நீர்த்துப்போய் எண்ணிக்கை குறைந்துவிடும்.

மையம் நடத்துபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். காலை 8 மணிக்கு வாங்கிய டப்பாவை, மதியம் வரும் பைக் பையனுக்காக மேஜை மேல் வைத்திருந்தால் நோயாளி பட்ட பாடெல்லாம் வீண். வாங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெயரையும் எடுத்த நேரத்தையும் டப்பாவின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதினால் லேபில் மூடி மாறிப்போகும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுவிட்டேன். இப்போது கல்ச்சர் கொடுக்கலாமா?
*முதலியார்பேட்டை*

கொடுக்கலாம். ஆனால் வளர்ச்சி இல்லை என்று வந்தால் அது நோய் இல்லை என்று அர்த்தமாகாது, மருந்து கிருமியைத் தற்காலிகமாக அடக்கியிருக்கலாம். மருந்தின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சோதனைக்காக நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். இனி ஒருமுறை என்றால் முதல் மாத்திரைக்கு முன் மாதிரி.

மாதவிலக்கு நாளில் எடுக்கலாமா?

அவசரமில்லை என்றால் முடியட்டும். காய்ச்சலோ இடுப்பு வலியோ இருந்தால் காத்திருக்காதீர்கள். கழுவியபின் பிறப்புறுப்பின் வாயில் சுத்தமான பஞ்சை வைத்துக்கொண்டு எடுத்து, பிறகு மறக்காமல் பஞ்சை எடுத்துவிடுங்கள். லேபிலும் சொல்லிவிடுங்கள், ரிப்போர்ட்டில் தெரியும் ரத்த அணுக்களை அப்போதுதான் சரியாகப் புரிந்துகொள்வார்கள். வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்தாலும் இதே முறைதான்.

எட்டு மாதப் பெண் குழந்தை. சிறுநீர் பிடிக்கும் பை ஒட்டி எடுத்த கல்ச்சரில் கிருமி என்று வந்திருக்கிறது. ஊசி போட வேண்டுமா?
*வில்லியனூர்*

பை தோலோடு ஒட்டியிருப்பதால் தோலில் உள்ள கிருமி, மலத்தில் உள்ள கிருமி எல்லாம் அதில் சேரும். பையில் எடுத்தது ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால் நம்பலாம். ‘வளர்ந்தது’ என்று வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மெல்லிய குழாய் விட்டு எடுக்கலாம், அல்லது நேரடியாகப் பிடிக்கச் சொல்லலாம்.

நேரடியாகப் பிடிக்க, பால் கொடுத்த கொஞ்ச நேரத்தில் குழந்தையைக் கழுவித் துடைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த காஸ் துணியால் தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றில் மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். சில குழந்தைகளுக்கு ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். டப்பாவைத் திறந்து தயாராக வைத்திருங்கள், குழந்தைக்கு வரும்போது சொல்லிக்கொண்டு வராது. முதல் சொட்டுகளை விட்டுவிட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் கிடைத்ததைப் பிடித்து, எப்படி எடுத்தது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.