வெறும் வயிற்றில் எவ்வளவு நேரம் ஓடலாம்?

கேள்வி: எனக்கு வயது 38. வார நாட்களில் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் 35 நிமிடம் மெதுவாக ஓடுகிறேன். சிரமம் எதுவும் இல்லை. ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் ஓடும்போது, ஒரு மணி நேரம் தாண்டியதும் கால் கனக்கிறது, தலை லேசாகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டு அரை மணியில் ஓடிப் பார்த்தேன், வயிறு பிடித்துக்கொண்டது. சாப்பிடாமல் ஓடினால்தான் கொழுப்பு கரையும் என்கிறார் நண்பர். என்ன செய்யட்டும்?

பதில்: வார நாள் ஓட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாக மாற்றி இரண்டு இடங்களில் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம்தான். நீங்கள் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை தேவை. அதைக் கல்லீரல்தான் இரத்தத்துக்கு விடுகிறது. அதனால் விடியும்போது கல்லீரலின் இருப்பு கணிசமாகக் குறைந்திருக்கும். தசையின் இருப்பு அநேகமாக அப்படியே இருக்கும், ஏனென்றால் ஒரு தசை தன்னிடம் உள்ளதைத் தானே பயன்படுத்துமே தவிர, இரத்தத்துக்குக் கொடுக்காது.

35 நிமிட மெல்லோட்டத்துக்குத் தசையில் உள்ளதும் உடல் கொழுப்பும் தாராளமாகப் போதும். முன்னதாகச் சாப்பிட்டாலும் உங்கள் வேகம் அதிகம் கூடப்போவதில்லை. நேரம் நீள நீளத் தசையின் இருப்பு இறங்குகிறது. ஏற்கெனவே குறைந்திருந்த கல்லீரலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கால் கனப்பதும் தலை லேசாவதும் பெரும்பாலும் இதனால்தான். முதல் நாள் இரவு சாப்பிடாமலோ மிகக் குறைவாகச் சாப்பிட்டோ படுத்திருந்தால் இந்தத் தளர்ச்சி இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே சனிக்கிழமை இரவு உணவைத் தவிர்க்காதீர்கள்.

ஞாயிறு காலைக்கு 25 முதல் 30 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு பெரிய வாழைப்பழத்திலோ இரண்டு துண்டு ரொட்டியிலோ அது கிடைத்துவிடும். கூடவே ஒரு குவளை தண்ணீர். வெண்ணெய், முட்டை, நார்ச்சத்து மிகுந்த தானியம் எல்லாம் ஓடி முடித்த பிறகு. கொழுப்பும் நாரும் இரைப்பையை விட்டு நகர நேரம் எடுக்கும். ஓடும்போது வயிற்றுக்கு இரத்த ஓட்டமும் குறைவதால், சாப்பிட்டது அங்கேயே நின்று பிசைகிறது. உங்களுக்கு வயிறு பிடித்ததற்குக் காரணம், உணவின் அளவும் நீங்கள் விட்ட அரை மணி இடைவெளியும் பொருந்தாததுதான். முழு உணவுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும்.

சிலருக்கு இனிப்பைச் சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணி கழித்து ஓடத் தொடங்கினால் முதல் சில நிமிடங்களில் நடுக்கமும் சோர்வும் வரும். இனிப்புக்காகச் சுரந்த இன்சுலினும் ஓடும் தசைகளும் ஒரே நேரத்தில் சர்க்கரையை இழுப்பதே காரணம். அப்படி நேர்ந்தால், பழத்தைக் கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பு சாப்பிட்டுப் பாருங்கள்.

கொழுப்பு விஷயத்தில் நண்பர் சொல்வது பாதிதான் சரி. வெறும் வயிற்றில் ஓடும் அந்த நேரத்தில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிவது உண்மை. ஆனால் எடையைத் தீர்மானிப்பது நாள் முழுவதும் உண்டதும் செலவிட்டதும்தான். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்கள் குறைந்த கலோரி உணவோடு நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேர் பயிற்சிக்கு முன்பு ஊட்டச்சத்து பானம் குடித்தார்கள், மீதிப் பேர் பின்பு. இரண்டு குழுவிலும் எடையும் கொழுப்பும் குறைந்தன; குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்தக் கேள்வியை நேராகச் சோதித்த ஆய்வு. கடைசி அரை மணியைத் தள்ளாடி நடந்து முடிப்பதைவிட, பழம் சாப்பிட்டு முழுதாக ஓடினால் நீங்கள் செலவிடும் சக்தியே அதிகம் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

பலன் தெரிய, ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஒரு ஞாயிறு பழத்தோடும் மறு ஞாயிறு பழமின்றியும் ஓடி, கடைசி 20 நிமிடத்தை மட்டும் ஒப்பிடுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட நாளிலும் அதே தளர்ச்சி வந்தால், தண்ணீர்க் குறைவையோ அதிக வேகத்தையோ சந்தேகியுங்கள். எப்போதாவது குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பார்வை மங்கல் வந்தால் உடனே நின்று இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் நீரிழிவு மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் நான் சொன்ன எதையும் அப்படியே பின்பற்றாதீர்கள். 35 நிமிட ஓட்டத்தைக்கூட மருத்துவரிடம் கேட்டுவிட்டே வெறும் வயிற்றில் தொடருங்கள்.