கோடு எந்த வகையில் 'சிறந்தது'? தொடர்புப் போக்குக் கோடு பற்றிய கேள்வி பதில்

சமூகவியல் முதலாண்டு மாணவி: மேடம், புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்து நானே ஒரு கோடு போட்டேன். அதுவும் நடுவில்தான் போகிறது. அப்புறம் எதற்கு சூத்திரம்?

ஐந்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். இவை கையால் போட்டுப் பார்க்க நான் வகுப்பில் தரும் பயிற்சி எண்கள், கள ஆய்வில் எடுத்தவை அல்ல. x என்பது தாய் பள்ளியில் படித்த ஆண்டுகள். y என்பது பிள்ளை வாரத்தில் வீட்டில் படிக்கும் மணிநேரம்.

```
x:  2   4   6   8   10
y:  3   7   5   11   9
```

கணக்கில் இறங்கும் முன் புள்ளிகளை வரைபடத் தாளில் வைத்துப் பாருங்கள். இதை நான் எப்போதும் சொல்வேன், இன்றும் பலமுறை சொல்வேன். கண்ணால் கோடு போடச் சொன்னால் பெரும்பாலும் y = 1 + x-ஐ ஒட்டித்தான் கை போகும். உண்மையான மணிநேரத்திலிருந்து கோடு சொல்வதைக் கழித்தால் வருவதுதான் பிழை: 0, 2, −2, 2, −2. கூட்டினால் பூஜ்யம். ஆக உங்கள் கோடு நடுவில்தான் போகிறது.

இப்போது சூத்திரம். சராசரிகள் 6, 7. ஒவ்வொரு வீடும் இரண்டு சராசரிகளிலிருந்தும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த இரண்டையும் பெருக்கி, எல்லா வீட்டுக்கும் கூட்டினால் 32. x-இன் விலகல்களை மட்டும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 40. 32-ஐ 40-ஆல் வகுத்தால் சாய்வு 0.8. கோடு (6, 7) வழியாகப் போயாக வேண்டும் என்பதால் y = 2.2 + 0.8x. இதன் பிழைகள் −0.8, 1.6, −2, 2.4, −1.2. இவற்றைக் கூட்டினாலும் பூஜ்யம்தான்! (6, 7) வழியாக எந்தச் சாய்வில் கோடு போட்டாலும் பூஜ்யம்தான் வரும். அதனால் 'நடுவில் போகிறது' என்பதை வைத்து எந்தக் கோட்டையும் தேர்ந்தெடுக்க முடியாது. பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால்தான் வேறுபாடு தெரிகிறது. உங்கள் கோட்டுக்கு 16, சூத்திரக் கோட்டுக்கு 14.4. வேறு எந்த நேர்கோடும் 14.4-க்குக் கீழே போகாது. 'சிறந்தது' என்ற சொல்லுக்கு இங்கே இருக்கும் பொருள் இவ்வளவுதான்.

பொருளியல் படிக்கும் ஒருவர்: புள்ளியிலிருந்து கோட்டுக்கு உள்ள மிகக் குறைந்த தூரம் கோட்டுக்குச் செங்கோணத்தில் அளப்பதுதானே? ஏன் மேலும் கீழுமாக அளக்கிறீர்கள்?

தாயின் படிப்பைத் தெரிந்துகொண்டு மணிநேரத்தைக் கணிக்கிறோம். தவறு நடந்தால் மணிநேரத்தில்தான் நடக்கும், அதனால் அந்தத் திசையில் அளக்கிறோம். நீங்கள் சொல்லும் தூரத்தை அளக்க, ஆண்டின் வர்க்கத்தையும் மணியின் வர்க்கத்தையும் கூட்ட வேண்டும். ஆண்டை மாதமாக மாற்றி எழுதினாலே வேறு கோடு வந்துவிடும்.

கணிதம் படித்துவிட்டு சமூகப்பணிக்கு வந்தவர்: வர்க்கம் என்பது கணிதக்காரர்களின் வசதிக்காக வந்தது. குறியை விட்டுவிட்டு பிழைகளைக் கூட்டினால் போதும். உங்கள் கோட்டுக்கு 8 வருகிறது. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்தால் 7. என் கோடுதான் சிறந்தது.

போட்டுப் பார்த்தேன், உங்கள் கணக்கு சரி. y = 1.5 + 0.75x என்ற உங்கள் கோடு அந்த அளவுகோலில் வெல்கிறது. ஆனால் அதற்கு வர்க்கக் கூட்டுத்தொகை 19.5, ஏனென்றால் நான்காவது வீட்டை 3.5 மணி தவறவிடுகிறது. இரண்டு சிறு தவறுகளைவிட ஒரு பெரிய தவறு மோசம் என்று கருதுகிறவருக்கு வர்க்கம். எல்லாத் தவறும் அதனதன் அளவுக்குத்தான் என்பவருக்கு உங்கள் முறை.

வரலாற்றிலும் உங்கள் முறை பின்னால் வந்ததல்ல. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாண்டர் வர்க்க முறையை அச்சிட்டது 1805-இல். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே போஸ்கோவிச் என்ற அறிவியலாளர் குறி நீக்கிய பிழைகளைக் கூட்டும் முறையைக் கையாண்டார். வசதிக்காக என்பதில் பாதி உண்மை இருக்கிறது. வர்க்கம் என்றால் சாய்வு ஒரே வகுத்தலில் கிடைக்கிறது. மீதிப் பாதி இது: வர்க்கம் உங்களைச் சராசரியிடம் கொண்டுபோகிறது, குறி நீக்கிய கூட்டல் வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலையிடம் கொண்டுபோகிறது. வருமானத் தரவுக்கு எதைத் தேடுவது என்றால், நானும் பல நேரம் உங்கள் பக்கம்தான்.

பி.ஏ. மாணவர்: எக்செல்லில் `SLOPE` போட்டேன், 0.8 வந்தது. தவறுதலாக x, y இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன், அப்போதும் 0.8. அப்படியென்றால் எது எங்கே இருந்தாலும் ஒன்றுதானா?

இல்லை. இந்தப் பயிற்சியில் இரண்டின் பரவலும் சமம், அதனால் அப்படி அமைந்துவிட்டது. `INTERCEPT` போட்டிருந்தால் தெரிந்திருக்கும்: சரியான வரிசையில் 2.2, மாற்றினால் 0.4. நீங்கள் மாற்றிப் போட்டது x = 0.4 + 0.8y, அதாவது மணிநேரத்திலிருந்து தாயின் படிப்பைக் கணிக்கும் கோடு. அதே தாளில் வரைந்தால் அதன் சாய்வு 1.25. பாடப்புத்தகத்தில் 'இரண்டு தொடர்புப் போக்குக் கோடுகள்' என்று வருவது இதுதான். இரண்டும் (6, 7)-இல் வெட்டிக்கொள்ளும். முதல் மாணவி கண்ணால் போட்ட சாய்வு 1, இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பதைக் கவனியுங்கள். `SLOPE`, `INTERCEPT` இரண்டிலும் அடைப்புக்குறிக்குள் y முதலில் வரவேண்டும்.

இன்னொருவர்: ஒட்டுறவுக் கெழு r-உம் 0.8, சாய்வும் 0.8. இரண்டும் ஒன்றா?

மேலே சொன்ன அதே காரணம். பரவல் சமமாக இருந்தால் மட்டும்.

உளவியல் மாணவி: தொடர்புப் போக்கை ஆங்கிலத்தில் ரிக்ரஷன் என்கிறார்கள். எங்கள் பாடத்தில் ரிக்ரஷன் என்றால் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புவது. இங்கே எது திரும்புகிறது?

பெயர் ஆங்கிலேய ஆய்வாளர் கால்டன் வைத்தது. 1886-இல் அவர் 205 பெற்றோர் இணைகளையும் வளர்ந்த 928 பிள்ளைகளையும் வைத்து உயரத்தைப் பார்த்தார். பெற்றோரின் உயரம் சராசரியைவிட 3 அங்குலம் கூடுதலாக இருந்தால் பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலம்தான் கூடுதலாக இருந்தார்கள். சராசரியை நோக்கித் திரும்புகிறது என்பதால் அந்தப் பெயர். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பிள்ளையிலிருந்து பெற்றோரைக் கணித்தாலும் அதே திரும்பல் நடந்தது, அங்கே சாய்வு மூன்றில் ஒரு பங்கு.

பெயர் சொல்லாதவர்: தாய் இன்னும் ஒரு வருடம் படித்திருந்தால் பிள்ளை 0.8 மணி கூடப் படிக்கும், சரியா?

நாம் ஒப்பிட்டது வெவ்வேறு வீடுகளை. அதே வீட்டில் என்ன மாறும் என்பதைக் கோடு சொல்லவில்லை.

இன்னொருவர்: தாய் 16 வருடம் படித்திருந்தால் 15 மணி என்று எழுதலாமா?

10-க்கு அப்பால் உங்களிடம் புள்ளியே இல்லை. எழுதாதீர்கள்.

மற்றொருவர்: அப்படியென்றால் படிக்காத தாய்க்கு 2.2 மணி என்று எழுதலாமா?

அதே பதில். 2-க்குக் கீழேயும் புள்ளி இல்லை. தயவுசெய்து வரைபடத்தைப் பாருங்கள்.

ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்: அக்கா, நான் 60 வீடுகளில் இதையே கேட்டேன். சாய்வு நன்றாக ஏறுகிறது. வரைந்து பார்த்தால் ஒரே ஒரு வீடு வலது ஓரத்தில் தனியாக நிற்கிறது. அங்கே தாய் 17 வருடம் படித்தவர், மற்ற எல்லாரும் 8-க்குள்.

வரைந்து பார்த்தது நல்ல வேலை. 59 வீடுகள் ஓரிடத்தில் குவிந்து ஒன்று தூரத்தில் நின்றால், அந்த ஒன்று நெம்புகோல் மாதிரி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முதலில் அந்த வீட்டின் படிவத்தை எடுங்கள். 7 என்பது தட்டச்சில் 17 ஆகியிருக்கலாம். உண்மையான 17 என்றால் நீக்காதீர்கள். அந்த வீட்டோடு ஒரு கோடு, இல்லாமல் ஒரு கோடு, இரண்டையும் கட்டுரையில் காட்டுங்கள்.

சமூகப்பணிக்கு வந்தவர், மறுபடியும்: பார்த்தீர்களா? வர்க்கம் போட்டதால் வந்த வினை. என் முறையில் இது நடக்காது.

நடக்கும். y-இல் தாறுமாறாக நிற்கும் புள்ளியை உங்கள் முறை நன்றாகத் தாங்கும். இது x-இல் தள்ளி நிற்கிறது. அதற்கு உங்கள் கோடும் வளைந்து கொடுக்கும், சில நேரம் அந்தப் புள்ளி வழியாகவே போய்விடும். தம்பி, படிவத்தைப் பார்த்துவிட்டு இரண்டு சாய்வுகளையும் இங்கே போடுங்கள், இவருடைய முறையிலும் போட்டுப் பார்ப்போம்.