போனஸ் வரி: மொத்தமாகப் பிடிப்பதா, பிரித்துப் பிடிப்பதா?

தீபாவளி போனஸ் வந்தது. வரி எவ்வளவு கட்டணும்? (பல்லடம்)

சம்பளம் எவ்வளவு என்றே எழுதவில்லை, எதை வைத்துச் சொல்வது? போனஸுக்கென்று தனி வரி விகிதம் கிடையாது. வருடச் சம்பளத்தோடு கூட்டித்தான் கணக்கு. அதை எழுதி அனுப்புங்கள்.

மாதம் 1 லட்சம் சம்பளம், புதிய வரி முறை. இதுவரை வரியே இல்லை. அக்டோபரில் 1 லட்சம் போனஸ் தந்து 26,000 பிடித்துவிட்டார்கள். இதே சம்பளம், இதே போனஸ் வாங்கும் நண்பனுக்கு அவன் கம்பெனியில் 10 சதவீதம்தான் பிடித்தார்கள். ஏன் இப்படி? (திருப்பூர்)

உங்கள் அக்கவுண்டன்ட் செய்ததுதான் சரி. 2025-26க்கு உங்கள் வருடச் சம்பளம் 12 லட்சம். நிலைக்கழிவு 75,000 போனால் 11.25 லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். போனஸ் சேர்ந்ததும் 12.25 லட்சம் ஆகிறது. ஸ்லாப்படி 63,750 வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேல் உள்ள தொகையைவிட வரி கூடக் கூடாது என்பதால் 25,000, செஸ் 1,000. போனஸ் 75,000 ஆக இருந்திருந்தால் ஒரு ரூபாய்கூட வரி இல்லை.

இந்த 26,000-ஐ ஒரே மாதத்தில் பிடிக்க வேண்டியதில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் சுமார் 4,300 வீதம் பிடிக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. மொத்த வரி மாறாது, கையில் வரும் காசுதான் முன்பின் ஆகும்.

நண்பர் சந்தோஷப்பட வேண்டாம். ரிட்டர்ன் போடும்போது பாக்கி 16,000 கட்ட வேண்டும், வட்டியும் சேரும். எத்தனை முறை எழுதினாலும் இந்த 10 சதவீதப் பழக்கம் போக மாட்டேன் என்கிறது! சம்பளத்துக்கு, வருட வரியை வருடச் சம்பளத்தால் வகுத்து வரும் சராசரி விகிதத்தில்தான் பிடிக்க வேண்டும். பான் கொடுக்காதவருக்குத்தான் குறைந்தது 20 சதவீதம் என்ற விதி. கணக்குப் போடச் சோம்பல்பட்டு எல்லோருக்கும் ஒரே சதவீதம் போட்டால் ஒருவருக்குப் பாக்கி விழும், வரியே இல்லாதவருக்குக் காசு முடங்கும். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்று வருமான வரித் துறைத் தளத்தில் கிடைக்கும் 26AS படிவத்தில் பாருங்கள்.

மில்லில் மாதம் 18,000 சம்பளம். போனஸ் 20,000-ல் 2,000 வரி என்று பிடித்தார்கள். (பெருந்துறை)

தப்பு. உங்களுக்கு வரியே இல்லை. 26AS-ல் இருந்தால் ரிட்டர்ன் போட்டு வாங்கிவிடலாம். இல்லையென்றால் அந்தப் பணம் உங்கள் பெயரில் இன்னும் ஏறவில்லை, ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள்.

மகன் டெக்சாஸில் இருக்கிறான். 10,000 டாலர் போனஸில் கிட்டத்தட்ட 3,000 போய்விட்டதாம். (கோவை)

அங்கே ஒரே விகிதத்தில் பிடிக்கச் சட்டமே இடம் தருகிறது: 10 லட்சம் டாலர் வரையான போனஸுக்கு 22 சதவீதம். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் சேர்த்தால் 30-ஐத் தொடும். சம்பளத்தோடு கூட்டிப் பிடிக்கும் முறையும் உண்டு. அதில், அந்தச் சம்பளக் காலத்தில் வந்த தொகையே வருடம் முழுக்க வருவதுபோல் கணக்காவதால் பிடிப்பு பெரும்பாலும் இன்னும் கூடும். இரண்டுமே முன்பணம்தான். மகன் 12 சதவீத ஸ்லாபில் இருந்தால் ரிட்டர்னில் திரும்பி வரும், 24-ல் இருந்தால் பாக்கி விழலாம்.