ஒரே வீட்டில் இரண்டு தொண்டை வலி: எதற்கு உப்புத் தண்ணீர் போதும், எதற்குப் பரிசோதனை வேண்டும்?

டாக்டர், மூன்று நாளாகத் தொண்டை வலி. எச்சில் விழுங்கவே பயமாக இருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, இருமலும் உண்டு, காய்ச்சல் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், டான்சிலில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள். தொண்டை மாத்திரை வாங்கிச் சப்புகிறேன், பெரிதாகப் பலன் தெரியவில்லை. நேற்று இரவு முதல் என் எட்டு வயது மகளுக்கும் தொண்டை வலி, காய்ச்சல் 102. அவளுக்கு இருமல், சளி எதுவும் இல்லை. போன முறை எனக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா? எனக்கு வயது 36.

வேண்டாம், இருவருக்குமே. உங்கள் தொண்டையை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம். மகளை இன்றோ நாளையோ மருத்துவரிடம் காட்டித் தொண்டைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வெள்ளைப் புள்ளி எனக்கு, டாக்டர் அவளுக்கா என்று நினைப்பீர்கள். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் பெரும்பாலானோர் ஆன்டிபயாடிக் தேடுகிறார்கள். ஆனால் வைரஸ் தொற்றிலும் டான்சிலில் வெள்ளை படியும். டான்சிலில் இயற்கையாகவே இருக்கும் குழிகளில் உணவுத் துணுக்கு தங்கினாலும் வெள்ளையாகத் தெரியும். தனியாக எடுத்துக்கொண்டால் அது பலவீனமான சாட்சி.

தொண்டை வலிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். பாக்டீரியாக்களில் நாங்கள் முக்கியமாகத் தேடுவது ‘ஏ’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சுருக்கமாக ஸ்ட்ரெப். தொண்டை வலியோடு வரும் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் அது இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு இருக்கலாம். ஆகவே வயதே ஒரு துப்பு. அதோடு நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறோம்: 100.4-க்கு மேல் காய்ச்சல், டான்சில் வீக்கம் அல்லது வெள்ளைப் படிவு, கழுத்தின் முன்பக்கம் வலியோடு நெறி கட்டியிருப்பது, இருமல் இல்லாதது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 3 முதல் 14 வயதுக்குள் என்றால் கூடுதலாக ஒன்று, 45 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று குறைவு. ராபர்ட் சென்டார் என்ற மருத்துவர் 1981-இல் வகுத்த அளவுகோல் இது. வயதுக் கணக்கு பிற்பாடு சேர்ந்தது.

நெறியை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். காதுக்குக் கீழே தாடை எலும்பு வளைகிற இடம் தெரியும். அதற்குச் சற்றுக் கீழே, கழுத்தின் முன்பக்கமாக, மூன்று விரல் நுனியை வைத்து மெதுவாக உருட்டுங்கள். உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டு, அழுத்தியதும் பிள்ளை முகம் சுளித்தால் அது கணக்கில் சேரும். வலியில்லாத சின்ன உருண்டை பல பிள்ளைகளுக்கு எப்போதுமே இருக்கும், அதைச் சேர்க்க வேண்டாம்.

இப்போது கணக்கைப் போடுவோம். உங்களுக்கு வெள்ளைப் படிவுக்கு ஒன்று. காய்ச்சல் இல்லை, இருமல் இருக்கிறது, வயதுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 1. நெறி கட்டியிருந்தாலும் 2-தான். கூடவே மூக்கும் ஒழுகுவதால் இது வைரஸ் என்றே எடுத்துக்கொள்ளலாம். மகளுக்குக் காய்ச்சலுக்கு ஒன்று, இருமல் இல்லாததற்கு ஒன்று, வயதுக்கு ஒன்று. தொண்டையைத் திறந்து பார்க்கும் முன்பே 3 வந்துவிட்டது. தலைவலி, வயிற்று வலி, வாந்தி என்று ஏதாவது சொல்கிறாளா என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப் வந்தால் இவையும் கூட வரும், பெற்றோர் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். உடம்பில் தடவினால் சொரசொரவென்று இருக்கும் சிவந்த பொடித் தடிப்பு தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

3 வந்தால் உடனே ஆன்டிபயாடிக் என்றும் அர்த்தமில்லை. அந்த மதிப்பெண் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு ஸ்ட்ரெப் இருக்காது. அதனால்தான் பரிசோதனை. டான்சிலிலும் தொண்டையின் பின்சுவரிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள். ஒரு நொடி குமட்டும், அவ்வளவுதான். உடனடிப் பரிசோதனையின் முடிவு சில நிமிடங்களில் தெரியும். பிள்ளைகளுக்கு அது நெகட்டிவ் என்று வந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கும் அனுப்புவது வழக்கம், அதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். அதுவரை காத்திருப்பதில் ஆபத்தில்லை. ஸ்ட்ரெப்பைக் கண்டு நாங்கள் பயப்படுவதே, அதற்குப் பின்னால் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலுக்காகத்தான். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் மருந்தை ஆரம்பித்தால் அதைத் தடுத்துவிடலாம்.

மிச்ச மாத்திரை ஏன் கூடாது என்பதும் இதிலிருந்தே புரியும். ஸ்ட்ரெப் என்று உறுதியானால் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், எடைக்கேற்ற அளவில், வழக்கமாகப் பத்து நாள். உங்களிடம் இருக்கும் நாலு மாத்திரையில் வலி கொஞ்சம் அடங்கும், கிருமி முழுதாகப் போகாது, பிறகு எடுக்கும் பரிசோதனையும் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். இன்னொன்று: இளம்பருவத்தினருக்கு எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸால் வரும் தொண்டை வலி பார்ப்பதற்கு ஸ்ட்ரெப் போலவே இருக்கும். அதற்கு அமாக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிடுகிறது. பிறகு வாழ்நாள் முழுக்க ‘எனக்குப் பென்சிலின் அலர்ஜி’ என்று தவறாகச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

இனி உங்கள் தொண்டைக்கு வருவோம். சப்பும் மாத்திரையில் பலனில்லை என்கிறீர்கள். எந்த வகை என்று உறையின் பின்பக்கம் பாருங்கள். மென்தால், தேன், எலுமிச்சை என்று மட்டும் எழுதியிருந்தால் அதன் வேலை எச்சிலைச் சுரக்க வைத்துத் தொண்டையை ஈரமாக வைப்பது. சாதாரண மிட்டாயும் கிட்டத்தட்ட அதைச் செய்யும். கிருமிநாசினி சேர்ந்த மாத்திரைகள் உண்டு. அவற்றால் வலி ஓரளவு குறையலாம், ஆனால் டான்சில் திசுவுக்குள் இருக்கும் ஸ்ட்ரெப்பை அவை அழிக்காது. பென்சோகெய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து உள்ளவை சிறிது நேரம் நன்றாகக் கேட்கும். நாக்கு மரத்திருக்கும்போது சூடாக எதையும் குடிக்காதீர்கள், சுட்டுக்கொண்டாலும் தெரியாது. ஃப்ளர்பிப்ரோஃபென் 8.75 மி.கி. உள்ள மாத்திரை வீக்கத்தையே குறைக்கும். மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் ஐந்துக்கு மேல் வேண்டாம். வயிற்றுப் புண், வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். 12 வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை, ஆகவே மகளுக்கு அது கிடையாது.

எந்த வகையானாலும் கடித்து விழுங்கினால் காசு தண்டம். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே அடக்கி, இடம் மாற்றி மாற்றி, தானாகக் கரைய விடுங்கள். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எந்த மாத்திரையும் சப்பக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

கொப்பளிக்க ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில், அதாவது சுமார் 250 மில்லியில், அரை டீஸ்பூன் உப்பு போதும். உப்பு கூடினால் பலன் கூடாது, புண்பட்ட தொண்டை எரியும். ஒரு வாய் எடுத்து, அண்ணாந்து, ‘ஆ’ என்று சத்தம் எழுப்பிக்கொண்டே பத்துப் பதினைந்து விநாடி நிறுத்துங்கள். சத்தம் வராமல் கன்னத்தை உப்பிக் குலுக்குவது வாயைத்தான் கழுவும், தொண்டைக்கு எட்டாது. தம்ளர் தீரும்வரை செய்து துப்பிவிடுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். அப்போதும் தண்ணீர் டான்சில் வரைதான் போகும். வலி குரல்வளைப் பக்கம் இருந்தால், குரலும் கம்மியிருந்தால், கொப்பளிப்பதில் எதிர்பார்ப்பு வேண்டாம்.

குடிப்பது எதுவானாலும் இதமான சூடு போதும். ஆவி பறக்கக் குடிப்பவர்கள் வெந்த தொண்டையை இன்னும் வேக வைக்கிறார்கள். தேன் கலந்த வெந்நீர் தொண்டையில் மெல்லிய பூச்சாகப் படிந்து இருமலையும் அடக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் எந்த வடிவிலும் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். சில்லென்று இருப்பது உங்களுக்கு இதமாக இருக்கிறதா? தாராளமாக ஐஸ் துண்டைச் சப்புங்கள். குளிர்ச்சியால் தொற்று கூடாது. மகள் ஐஸ்கிரீம் கேட்டாலும் கொடுக்கலாம், அவள் ஏதாவது விழுங்குவதுதான் இப்போது முக்கியம்.

இவை எல்லாவற்றையும்விட வலியை நன்றாகக் குறைப்பது பாராசிட்டமால் அல்லது ஐபுப்ரோஃபென். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் பாராசிட்டமால் போட்டால் விழுங்குவது எளிதாகும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, சளி மாத்திரைகளிலும் அது கலந்திருப்பதால் அதையும் சேர்த்து எண்ணுங்கள். பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. மகள் 24 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 240 முதல் 360 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது.

உங்கள் வலி இன்னும் மூன்று நான்கு நாளில் அடங்க வேண்டும். ஒரு வாரம் தாண்டியும் குறையாவிட்டால் காட்டுங்கள். சில அறிகுறிகளுக்கு மட்டும் மதிப்பெண்ணும் காத்திருப்பும் கிடையாது, நேரே அவசரப் பிரிவுதான்: எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிவது, வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறுவது, ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போவது, மூச்சிழுக்கையில் சத்தம் கேட்பது. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கலாம், மூச்சுப்பாதை வீங்கியிருக்கலாம். தைராய்டுக்குக் கார்பிமசோல் அல்லது மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால், அன்றே ரத்த வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மருந்துகள் சிலருக்கு வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும்.

மகளுக்கு ஸ்ட்ரெப் என்று வந்தால், மருந்து தொடங்கி ஒரு முழு நாள் ஆகி, காய்ச்சலும் விட்ட பிறகு பள்ளிக்கு அனுப்பலாம். இரண்டாம் நாளே துள்ளி விளையாடுவாள், மருந்தை அப்போது நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் மற்றவர்கள் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த சில நாட்களில் உங்களுக்கு இருமலும் மூக்கொழுகலும் நின்று, புதிதாகக் காய்ச்சலும் விழுங்கும் வலியும் ஏறினால் மேலே போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அப்போது நீங்களும் தொண்டைப் பரிசோதனைக்குப் போங்கள்.