சின்னத் தோட்டத்துக்கு எந்த டில்லர்? பினாங்குக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

நிபோங் திபால்: அண்ணே, ஒரு ஏக்கர் காய்கறி, களிமண். 7 குதிரைத்திறன் பெட்ரோலா, 9 குதிரைத்திறன் டீசலா? பெரிய இன்ஜின்தானே நல்லது?

களிமண்ணுக்குப் பலம் வேண்டும், சரி. ஆனால் கத்தி மண்ணில் இறங்குவதற்கு மெஷினின் எடையும் வேண்டும். 212 சிசி பெட்ரோல் மெஷின் பெரும்பாலும் 60 முதல் 80 கிலோ இருக்கும். 9 குதிரைத்திறன் டீசல் என்றால் நூறைத் தாண்டிவிடும். இறுகிய மண்ணில் அது துள்ளாமல் இறங்கும், ஆனால் பாத்தி முடிவில் அதைத் திருப்புவது உங்கள் தோள்தான்.

வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உழும் அகலம் 80 சென்டிமீட்டர், நடை மணிக்கு 1 கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 800 சதுர மீட்டர் வரும். திரும்புவதும், சுற்றிய புல்லை எடுப்பதும் போக 500, 600 கிடைத்தால் நல்லது. ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு தடவை ஓட்டவே ஏழெட்டு மணி நேரம், களிமண்ணில் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். காய்கறிக்காரர் முழு ஏக்கரையும் ஒரே நாளில் உழுவதில்லை, பாத்தி பாத்தியாகத்தான் உழுவார். அதற்கு 7 போதும். முதல் உழவுக்கு மட்டும் டிராக்டரை வாடகைக்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம், ஒரு பிடி மண்ணைப் பிசைந்து உருட்டிக் கீழே போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். உருண்டையாகவே கிடந்தால் இரண்டு நாள் காயட்டும். ஈரக் களிமண்ணை எந்த இன்ஜினும் உழாது, பிசைந்து வைக்கும்.

சுங்கை பாக்காப்: நான் டீசல்தான் ஓட்டுகிறேன். எண்ணெய் குறைவாகக் குடிக்கிறது. பெட்ரோல் வீண் செலவு.

தினமும் ஓட்டுகிறவருக்கு உங்கள் பேச்சு பொருந்தும். வாரம் ஒரு காலை ஓட்டுகிறவருக்கு எண்ணெயில் மிச்சமாவது பெரிதாகத் தெரியாது. டீசலைக் கையால் இழுத்துக் கிளப்பும் சிரமம்தான் தெரியும். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாம்: லாலாங் புல் மண்டிய நிலம். எந்தக் கத்தி போட்டால் அழியும்?

எந்தக் கத்தியும் அழிக்காது! டில்லர் லாலாங்கின் கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, கணு இருக்கும் ஒவ்வொரு துண்டும் முளைக்கும். உழுது விட்டுவிட்டால் சில வாரத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். வெயில் காலத்தில் உழுது, கிழங்கை மேலே இழுத்துப் போட்டுக் காயவிட்டு, பச்சை தலைகாட்டியதும் மறுபடி உழ வேண்டும். விட்டுவிட்டுச் செய்தால் பலன் இல்லை.

சாதாரணப் புல்லுக்கு எல் வடிவக் கத்தி நன்றாக வெட்டும். ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் தட்டையான அடி, மண்ணைத் தேய்த்து இறுக்கிவிடும். கீழே தண்ணீர் இறங்காத ஒரு தளம் உண்டாகும். அங்கே வளைந்த சீ வடிவம் மேல், மண்ணும் அதிகம் ஒட்டாது. எதைப் போட்டாலும் கூர்மையான பக்கம் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். இடம், வலம் மாறிப் பூட்டிவிட்டால் கத்தி மண்ணை வெட்டாமல் அறையும், மெஷின் துள்ளும். பலர் அதை இன்ஜின் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

பாலிக் பூலாவ்: எங்கள் டுரியான் சரிவில் புல் அதிகம். வீடர் ஓட்டலாமா?

அக்கா, அங்கே வேண்டாம். சரிவில் மண்ணைக் கிளறினால் அடுத்த மழையில் அது கீழே போய்விடும், மரத்தின் மேல்வேரும் அறுபடும். இன்ஜினுக்கும் ஆகாது. இந்த வகைச் சிறு இன்ஜின்கள் 20 பாகைக்கு மேல் சாய்ந்து ஓடினால் உள்ளே எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது. தோளில் மாட்டும் புல்வெட்டியால் வெட்டி, வெட்டியதை அங்கேயே போட்டுவிடுங்கள்.

கெப்பாலா பத்தாஸ்: ஆன்லைனில் மலிவாக வாங்கினேன். பெல்ட் அறுந்தது, இப்போது கியர்பாக்ஸில் சத்தம். பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

பெல்ட் கவலை இல்லை. பழைய பெல்ட்டின் மேல் எழுத்தும் எண்ணும் இருக்கும், அதைக் காட்டினால் மோட்டார் பெல்ட் விற்கும் கடையில் கிடைக்கும். இன்ஜினும் அப்படித்தான். 168F, 170F வகையில் கார்புரேட்டர், இழுகயிறு, பிளக் எல்லாம் பொதுவானவை. பேரிங்கிலும் எண் இருக்கும். சிக்கல் கியரில்தான், அது மெஷினுக்கு மெஷின் வேறு. முதலில் எண்ணெயை வடித்துப் பாருங்கள். இரும்புத் தூள் பளபளத்தால் பல் தேய்கிறது, ஓட்டுவதை நிறுத்துங்கள். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது, அது சின்ன வேலை.

புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் 'சர்வீஸ் உண்டா' என்று கேட்க வேண்டாம், எல்லாரும் உண்டு என்பார்கள். 'இந்த மாடலின் கியரும் ஆயில் சீலும் இப்போது கடையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். தீவில் இருப்பவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: மெக்கானிக் பெருநிலத்தில் இருந்தால், 70 கிலோ மெஷினை லோரியில் ஏற்றிப் பாலம் கடக்க ஒவ்வொரு முறையும் யார் வருவார்கள்?