அவர்கள் கேட்கவைப்பது எந்த அழைப்பை?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் தொலைபேசியில் பேசி ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசியை விற்றிருக்கிறார்கள். "ஒருமுறை 75,000 ரூபாய் கட்டினால் போதும், ஐந்து ஆண்டில் இரட்டிப்பாகக் கிடைக்கும்" என்றார்களாம். பத்திரத்தில் ஆண்டுதோறும் 75,000, பத்து ஆண்டுகள் என்று இருக்கிறது. புகார் செய்தால், "உங்கள் அம்மாவே எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்ன பதிவு எங்களிடம் இருக்கிறது" என்கிறார்கள். பதிவைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் "இருக்கிறது" என்று சொல்லும் பதிவு எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தொலைபேசியில் விற்கப்படும் பாலிசியில் பெரும்பாலும் இரண்டு வகை அழைப்புகள் இருக்கும். ஒன்று விற்பனை அழைப்பு. வாக்குறுதிகள் பேசப்படுவது அதில்தான். அது ஒரே அழைப்பாகவும் இருக்கலாம், நான்கைந்து நாட்களில் வந்த பல அழைப்புகளாகவும் இருக்கலாம். மற்றொன்று, பத்திரம் வழங்குவதற்கு முன் காப்பீட்டு நிறுவனம் செய்யும் சரிபார்ப்பு அழைப்பு. பெயர், பிறந்த தேதி, தவணைத் தொகை, கட்டும் காலம் ஆகியவற்றை வேகமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்" வாங்கிக்கொள்வார்கள். புகார் என்று போனால் நிறுவனம் எடுத்துக் காட்டுவது இந்த இரண்டாவது அழைப்பைத்தான்.

அந்த "ஆமாம்" எப்படி வந்தது என்பதற்கான விடை விற்பனை அழைப்பில் கிடக்கும். "இன்னும் சிறிது நேரத்தில் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள் அம்மா, எது கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பணம் மாட்டிக்கொள்ளும்" என்று விற்றவரே சொல்லிக்கொடுத்திருப்பார். இந்தப் புகார்களைப் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து இதே வாசகத்தைப் பெரியவர்கள் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். தன்னைத்தான் தவறாக நினைப்பார்களோ என்ற அச்சத்தில் சொல்லாமல் இருப்பார்.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அம்மாவின் கைப்பேசியில் அழைப்புப் பட்டியலைத் திறந்து, அந்த நாட்களில் வந்த அழைப்புகள் தெரியும்படி திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எண், தேதி, நேரம், பேசிய நிமிடங்கள் நான்கும் தெரிய வேண்டும். பழைய அழைப்புகள் பட்டியலிலிருந்து தாமாகவே நீங்கிவிடும். பிறகு பத்திரத்தை எடுத்து, இடைத்தரகர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விற்றது காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல் ஒரு தரகு நிறுவனமாகவோ வங்கியாகவோ இருந்தால், விற்பனை அழைப்பின் பதிவு அவர்களிடம்தான் இருக்கும். "எங்களிடம் இல்லை" என்று காப்பீட்டு நிறுவனம் சொல்வது அப்போது பாதி உண்மையாக இருக்கலாம். ஆனாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்களே. அவர்கள் பெயரில்தான் பாலிசி விற்கப்பட்டது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே தொலைபேசி வழி விற்பனைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டு, விற்பனைப் பேச்சைப் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் சலுகை கேட்கவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் வாதாடாதீர்கள்; குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தரகு நிறுவனத்துக்கும் நகல் போகட்டும். பாலிசி அம்மாவுடையது என்பதால் கடிதமும் அவர் பெயரில், அவர் கையெழுத்துடன் போக வேண்டும். "மூன்றாம் நபருக்குத் தர முடியாது" என்ற பதில் பெரும்பாலும் மகனோ மகளோ எழுதும்போதுதான் வரும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"என் பாலிசி எண் இது. இந்தத் தேதிகளில், இந்த நேரங்களில், இந்த எண்களிலிருந்து எனக்கு வந்த விற்பனை அழைப்புகள் அனைத்தின் முழுமையான, வெட்டப்படாத ஒலிப்பதிவையும், சரிபார்ப்பு அழைப்பின் ஒலிப்பதிவையும், இரண்டின் எழுத்து வடிவத்தையும், என் முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் அனுப்புங்கள். புகார் முடியும் வரை எந்தப் பதிவையும் அழிக்கக் கூடாது. ஏதேனும் ஒரு பதிவு இல்லையென்றால், ஏன் இல்லை, எப்போது அழிக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். ஒருமுறை கட்டினால் போதும் என்று சொல்லி விற்கப்பட்டதால், பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே ரத்து செய்து 75,000 ரூபாயைத் திருப்பித் தரக் கோருகிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதிவை மட்டும் கேட்டால் அது வெறும் விண்ணப்பம். பணத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் அது புகாராகப் பதிவாகி, நாட்கள் எண்ணத் தொடங்கும். இதே புகாரை ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்திலும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வடிவம் மட்டும் வந்தால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் சுருக்கி, "வாடிக்கையாளர் விதிமுறைகளை ஏற்றார்" என்று ஒரே வரியில் முடித்த காகிதங்களைப் பார்த்திருக்கிறேன். அம்மா "அப்படியா, சரி பார்க்கிறேன்" என்று தயங்கியது அதில் ஏறியிருக்காது. ஒலி வந்ததும் அதன் நீளத்தைக் கைப்பேசிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் 23 நிமிடம், வந்த கோப்பில் 4 நிமிடம் என்றால், மீதி எங்கே என்று அதே மின்னஞ்சல் தொடரில் கேளுங்கள். சரிபார்ப்பு அழைப்பில் "பத்து ஆண்டுகள் கட்ட வேண்டும்" என்பது அம்மாவுக்குப் புரியும் மொழியில், தனிக் கேள்வியாகக் கேட்கப்பட்டதா, நான்கு விவரங்களோடு ஒரே மூச்சில் சொல்லப்பட்டதா என்பதையும் நிமிடம், வினாடியோடு குறித்து வையுங்கள்.

விற்றவர் தம் சொந்தப் பத்து இலக்க எண்ணிலிருந்து பேசியிருந்தால் பதிவே இல்லாமல் இருக்கலாம். அப்போதும் வழக்கு போய்விடாது. பதிவு செய்ய வேண்டிய விற்பனையைப் பதிவில்லாமல் செய்தது அவர்கள் குறை. தன்னிடம் உள்ள சான்றை ஒரு தரப்பு காட்டாவிட்டால், அது அந்தத் தரப்புக்கு எதிராகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் இடம் தருகிறது. அதனால்தான் "இல்லை" என்பதை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன்.

பாலிசியைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதற்கான 30 நாள் அவகாசத்தை நீங்கள் தவறவிட்டீர்கள் என்று அவர்கள் கட்டாயம் சொல்வார்கள். அந்த அவகாசம் காரணம் சொல்லாமல் திருப்பித் தருவதற்கானது. பொய் சொல்லி விற்ற புகார் அதோடு முடிந்துவிடுவதில்லை. ஆனாலும் ஐந்து மாதம் ஏன் ஆனது என்பதற்கு உண்மையான விடை உங்களிடம் இருக்க வேண்டும். பத்திரம் எந்தத் தேதியில், எந்த மொழியில் வந்தது, அதை யார் படித்தது என்று எழுதி வையுங்கள்.

கடிதம் அனுப்பி ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டில் இருந்தால் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வாதாட இடமும் இல்லை, அம்மாவே பேசலாம். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு சேர வேண்டும். மனுவில் விற்பனை அழைப்பை வரவழைத்துக் கேட்கும்படி தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். விசாரணையில் நிறுவனம் சரிபார்ப்பு அழைப்பை மட்டும் ஒலிக்கவிட்டால், கைப்பேசிப் பட்டியலின் படத்தை மேசையில் வைத்து, அந்த 23 நிமிட அழைப்பு எங்கே என்று அம்மா கேட்கட்டும்.